வீட்டு ஊறுகாய்க்கும் தட்டைக்கும் விவரம் எழுதுவது எப்படி? புதிதாக விற்கத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் ஊறுகாயோ பட்சணமோ செய்து விற்கத் தொடங்கும் பலர் முதலில் எழுதுவது, "பாட்டி கைப்பக்குவம், சுத்தமான தயாரிப்பு, வீட்டு ருசி" என்ற வரியைத்தான். ருசியை வாங்கியவர் சாப்பிட்டே தெரிந்துகொள்வார். ஆனால் வாங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? என் வீட்டில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாத பொருள் இருக்கிறதா? எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? எங்கே வைக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் விவரம்தான் முகம் தெரியாத ஒருவரின் அடுப்படியிலிருந்து வரும் சாப்பாட்டை நம்ப வைக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் விற்கிற இரண்டு பண்டங்களை எடுத்துக்கொண்டு விவரம் எழுதிப் பார்ப்போம். ஒன்று பூண்டு ஊறுகாய், இன்னொன்று வேர்க்கடலை போட்ட தட்டை. ஊறுகாயில் பாதுகாப்புச் சிக்கல் அதிகம், தட்டையில் ஒவ்வாமைச் சிக்கல் அதிகம். இரண்டையும் எழுதிப் பழகிவிட்டால் மற்றவற்றுக்கு அதே வழி போதும்.

முதலில் தராசு

விவரம் எழுதும் வேலை அடுப்படித் தராசில் தொடங்குகிறது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வந்து, குறைந்தது கடைசியில் வர வேண்டும். இது சட்டத்தில் உள்ள விதி. வாங்குபவரும் பட்டியலை அப்படித்தான் படிக்கிறார்: முதல் மூன்று பெயர்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார். கைப்பிடி, கரண்டி, கண்ணளவு என்று போட்டால் இந்த வரிசையைச் சரியாக எழுதவே முடியாது.

ஆகவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் தேதி, பேட்ச் எண், ஒவ்வொரு பொருளின் எடை, எந்தக் கம்பெனிப் பொருள், அந்த பேட்ச் யார் யாருக்குப் போனது என்பதை எழுதுங்கள். எண்ணெயை மில்லியில் அளந்தால் கிராமுக்கு மாற்ற வேண்டும். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசானது, ஒரு லிட்டர் சுமார் 920 கிராம்தான் இருக்கும்.

பூண்டு ஊறுகாய்க்கு ஒரு கணக்கு இது. உரித்த பூண்டு 1000 கிராம், நல்லெண்ணெய் 450 மில்லி, அதாவது ஏறக்குறைய 414 கிராம், எலுமிச்சைச் சாறு 300, உப்பு 150, மிளகாய்த் தூள் 100, புளி 80, வெல்லம் 50, கடுகு 30, வெந்தயம் 15, மஞ்சள் தூள் 10, பெருங்காயம் 10. இறக்கி ஆறியதும் மொத்தத்தையும் எடை போடுங்கள். சுண்டியது போக 2000 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கடைசி எடை பிறகு வேண்டியிருக்கும்.

பொரிக்கும் பண்டங்களில் பலரும் விட்டுவிடுவது எண்ணெய்தான். "எண்ணெய் பொரிக்கத்தானே, அது சேர்மானமா?" என்று கேட்பார்கள். சேர்மானம்தான், அதுவும் பெரிய சேர்மானம். ஒரு கிலோ அரிசி மாவுக்குத் தட்டை தட்டுகிறீர்கள். சட்டியில் 2 கிலோ எண்ணெயை எடை போட்டு ஊற்றி, பொரித்து முடித்து ஆறிய பிறகு மிச்சத்தை எடை போடுங்கள். 1580 கிராம் இருந்தால் 420 கிராம் போயிருக்கிறது. வடிதட்டிலும் தாளிலும் ஒட்டியது கொஞ்சம் போக, மற்றதெல்லாம் தட்டைக்குள்ளேதான் இருக்கிறது. பட்டியலில் அரிசி மாவுக்கு அடுத்த இடம் எண்ணெய்க்குத்தான். "எண்ணெய்" என்று பொதுவாக எழுதாமல் கடலை எண்ணெயா, சூரியகாந்தி எண்ணெயா, செக்கில் ஆட்டியதா, ரீஃபைண்டா என்று எழுதுங்கள். ஏன் என்பது ஒவ்வாமைப் பகுதியில் வரும்.

பொருளுக்குள் இருக்கும் பொருள்

நீங்கள் கடையில் வாங்கிச் சேர்க்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாக ஒரு சேர்மானப் பட்டியல் இருக்கிறது. அதைத் திருப்பிப் படிக்காமல் உங்கள் பட்டியலை எழுதக் கூடாது.

இதற்குச் சரியான உதாரணம் பெருங்காயம். நாம் கடையில் வாங்கும் டப்பாப் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு மைதா அல்லது அரிசி மாவு, கருவேலம் பிசின், எண்ணெய் எல்லாம் கலந்தது அது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் பல கம்பெனிகளில் கோதுமை மாவு இருப்பது தெரியும். தட்டைக்கு அரிசி, உளுந்து, பொட்டுக்கடலை தவிர வேறு மாவே போடவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கோதுமை சேரவே கூடாத சீலியாக் நோயாளி ஒருவர் அதை நம்பிச் சாப்பிடுவார். ஐந்து கிராம் பெருங்காயம் மொத்தத்தில் ஒரு துளிதான், ஆனாலும் அது ஒன்றும் இல்லாததாகிவிடாது. எனவே பட்டியலில் "கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்)" என்று டப்பாவில் உள்ளபடியே விரித்து எழுதுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைத்தால் அதற்கு மாறுவது இன்னும் நல்லது.

மாவு மில்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தெருமுனை மில்லில் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருப்பார், அதே கல்லில் நம் பச்சரிசி விழும். முதலில் வரும் மாவில் கோதுமை கலந்தே இருக்கும். மில்லில் அரைத்த மாவில் செய்த எந்தப் பண்டத்துக்கும் "குளூட்டன் இல்லாதது" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோ பண்டத்தில், கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. அதை ஆய்வகச் சோதனையில்லாமல் யாராலும் சொல்ல முடியாது. "அரிசி மாவில் செய்தது, பொது மில்லில் அரைத்தது" என்று எழுதலாம். அது உண்மை, படிப்பவருக்கும் போதுமான தகவல்.

ஒவ்வாமை வரியைத் தனியாக எழுதுங்கள்

சேர்மானப் பட்டியலிலேயே வேர்க்கடலை இருக்கிறதே, தனியாக வேறு எழுத வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா அவசரத்தில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். இந்திய லேபிள் விதிகள் தனியாகச் சொல்லச் சொல்லும் பொருள்கள் இவை: கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், பாலும் பால் பொருள்களும், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட்.

இந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் இல்லை. ஆனால் நம் ஊறுகாயில் நல்லெண்ணெயும் கடுகும் இல்லாமல் இருப்பது அபூர்வம். இரண்டுமே ஒவ்வாமை தரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாயப் பட்டியலில் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் அனுப்ப நம்மிடம் வாங்குபவர்கள் நிறைய. அதனால் விதி கேட்காவிட்டாலும் எள்ளையும் கடுகையும் ஒவ்வாமை வரியில் சேர்த்தே எழுதுங்கள் என்பேன்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். நன்றாக ரீஃபைன் செய்த கடலை எண்ணெயில் வேர்க்கடலைப் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கும். "செக்கு எண்ணெயில் செய்தது" என்று பெருமையாகப் போடுகிறவர்கள் அதே மூச்சில் "வேர்க்கடலை உள்ளது" என்றும் போட்டாக வேண்டும். பண்டத்தில் ஒரு கடலை கூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

அடுத்தது, ஒரே சட்டியால் ஒட்டிக்கொள்வது. காலையில் வேர்க்கடலைத் தட்டை பொரித்த எண்ணெயில் மாலையில் சாதா முறுக்குப் பிழிந்தால், அந்த முறுக்கின் விவரத்தில் "வேர்க்கடலை, எள், பால் பொருள் பயன்படுத்தும் அதே சட்டியில் பொரித்தது" என்று இருக்க வேண்டும். யாராவது செய்தி அனுப்பி, "அக்கா, என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, உங்க ரிப்பன் பக்கோடா கொடுக்கலாமா?" என்று கேட்டால், "அதுல கடலை போடலைங்க" என்பது அரைப் பதில். "கடலை போடலைங்க, ஆனா கடலை பொரிச்ச எண்ணெயிலதான் பொரிச்சது. தம்பிக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு விற்பனை போகும், போகட்டும். ஒவ்வாமைக்காரர் வீட்டுக்கென்று தனியாகச் செய்து தருவதானால் புது எண்ணெய், தனிச் சட்டி, தனி ஜல்லிக்கரண்டி, அன்றைய முதல் ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கூட, தீவிர ஒவ்வாமை உள்ளவருக்கு நம் வீட்டுச் சமையலறையால் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிடுவதே சரி.

எத்தனை நாள் தாங்கும்: தட்டை

"ஒரு மாசம் வரும்" என்பது ஊகம். அதைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம், செலவும் அதிகமில்லை.

விற்கப் போகும் அதே பாக்கெட்டில், அதே எடையில், ஒரே பேட்ச்சிலிருந்து ஆறு பாக்கெட் எடுத்துவையுங்கள். வாங்குபவர் வீட்டு அலமாரி மாதிரியான இடத்தில் வையுங்கள், குளிர்பெட்டியில் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றைப் பிரித்து முதலில் மோந்து பாருங்கள், பிறகு உடைத்துப் பாருங்கள், பிறகு சாப்பிட்டுப் பாருங்கள். செய்தவருக்குத் தன் பண்டத்தின் குறை சீக்கிரம் தெரியாது. வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டில் எழுதுங்கள்.

தட்டையில் இரண்டு கேடுகள் வரும், இரண்டும் வேறு வேறு. நமத்துப்போவது ஈரத்தால். சூடு ஆறுவதற்குள் கட்டினாலோ, கறிவேப்பிலையும் கடலைப்பருப்பும் உள்ளே சரியாகப் பொரியாமல் போனாலோ, பாக்கெட் மெல்லிய பாலித்தீனாக இருந்தாலோ இது வரும். காறல் வாடை வருவது எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து கெடுவதால். வேர்க்கடலை போட்ட தட்டையில் பெரும்பாலும் கடலைதான் முதலில் காறும். அதனால் கடலை இருக்கும் துண்டாகப் பார்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பழைய எண்ணெயில் பொரித்தது புது எண்ணெயில் பொரித்ததை விட முன்னதாகவே காறிவிடும். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் பொங்க ஆரம்பித்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

நாலாவது வார பாக்கெட் நன்றாக இருந்து ஐந்தாவது வாரத்தில் கடலை லேசாகக் காறியிருந்தால், 28 நாள் என்று எழுதத் தோன்றும். 21 நாள் என்று எழுதுங்கள். வாங்குபவர் வீடு கடலோரத்தில் இருக்கலாம், பாக்கெட் கூரியர் வண்டியில் வெயிலில் கிடந்திருக்கலாம், அதற்கெல்லாம் இடம் விட வேண்டும். இந்தச் சோதனையைக் கோடையில் ஒரு தடவையும் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் செய்யுங்கள். இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும். நாள் கணக்கு பொரித்த நாளிலிருந்து ஓடும். மூன்றாம் தேதி பொரித்து டப்பாவில் போட்டு வைத்ததைப் பத்தாம் தேதி பாக்கெட் செய்து, பத்தாம் தேதியிலிருந்து எண்ணுவது வாங்குபவரை ஏமாற்றுவது.

எத்தனை நாள் தாங்கும்: பூண்டு ஊறுகாய்

தட்டை கெட்டால் நாக்கு சொல்லிவிடும். பூண்டு ஊறுகாயில் அந்த நம்பிக்கை கூடாது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் அதில் ஒட்டியிருக்கலாம். அந்த பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது, புளிப்பும் ஆகாது. எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டில் காற்று இல்லை. புளிப்பும் போதவில்லை என்றால் அது வளர்ந்து பாட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும். வாடை, நிறம், ருசி எதிலும் அது தெரியாமல் இருக்கலாம். ஆகவே, தின்று பார்த்து நாள் சொல்லும் முறை இங்கே ருசிக்கு மட்டும்தான் உதவும். பாதுகாப்பைப் புளிப்பை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

உப்பு காப்பாற்றாதா? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 2000 கிராமில் 150 கிராம் உப்பு, அதாவது 7.5 சதவீதம். உப்புநீரில் மட்டும் போட்டு வைக்கும் ஊறுகாய்க்கு 12 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு இருக்க வேண்டும் என்கிறது விதி. மாவடு வருஷம் முழுக்கத் தாங்குவதற்கு அந்தக் கனத்த உப்புதான் காரணம். நம் பூண்டு ஊறுகாயில் அவ்வளவு உப்பு இல்லை, போட்டால் வாயில் வைக்க முடியாது. இதைக் காப்பாற்றுவது எலுமிச்சையும் புளியும்.

புளிப்பை பி.எச். அளவில் பார்ப்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6 என்பது எல்லைக்கோடு, அதற்குக் கீழே அந்த பாக்டீரியா வளராது. வீட்டுத் தயாரிப்பில் ஈடுக்கு ஈடு மாறும் என்பதால் 4-க்குக் கீழே வைத்துக்கொள்வது பத்திரம். மிளகாய்ச் சிவப்பில் பி.எச். தாளின் நிறம் தெரியாது. பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் மீட்டர் வாங்கி, கூட வரும் கரைசல்களில் முக்கிச் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். முழுப் பூண்டுப் பல்லின் நடுவரை புளிப்பு இறங்கச் சில நாள் ஆகும். ஒரு வாரம் ஊறிய பிறகு, எண்ணெயை வடித்துவிட்டு, பல்லை மட்டும் எடுத்துக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் விட்டு விழுதாக அரைத்து அளக்க வேண்டும். சுற்றியிருக்கும் குழம்பை மட்டும் அளந்தால் எண் எப்போதும் நல்லதாகவே காட்டும். 4-க்கு மேலே வந்தால் அந்த பேட்ச்சை விற்காதீர்கள், அடுத்த தடவை எலுமிச்சைச் சாற்றைக் கூட்டுங்கள். ஊறுகிற அந்த வாரம் ஜாடி குளிர்பெட்டியில் இருக்கட்டும். செய்முறை ஒரு நிலைக்கு வந்ததும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்த ஆய்வகத்தில் ஒரு தடவை கொடுத்துச் சோதித்துக்கொள்வது விற்கிறவர் செய்ய வேண்டிய செலவு.

புளிப்பு உறுதியான பிறகு மிச்சம் இருப்பது ருசியும் பூசணமும். அதற்கு ஜாடிகளை எடுத்து வைத்து மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள், தட்டைக்குச் செய்தது போலவே. திறக்காமல் எத்தனை நாள், திறந்த பிறகு எத்தனை நாள் என்று இரண்டு கணக்காக எழுத வேண்டும். பிரித்த ஜாடியில் கரண்டி போய் வருகிறது, ஈரம் போகிறது. அதன் ஆயுள் வேறு.

கருவாடு, இறால், மீன் ஊறுகாய்களுக்கு இந்த அளவு போதாது. அவற்றைப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஆய்வகச் சோதனை முடியும்வரை விற்க வேண்டாம்.

வைக்கும் முறை: வீட்டில் செய்யக்கூடியதாக எழுதுங்கள்

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று எல்லா லேபிளிலும் இருக்கிறது. சித்திரை மாதச் சென்னையில் குளிர்ந்த இடம் எது? அதற்குப் பதிலாக, "அடுப்பு மேடையிலும் வெயில் விழும் ஜன்னலிலும் வைக்க வேண்டாம்" என்று எழுதினால் புரியும். "ஈரமில்லாத கரண்டி போடவும். எடுத்த பிறகு பூண்டு எண்ணெய்க்கு மேலே தெரிந்தால் கரண்டியால் அழுத்திவிடவும். எண்ணெய் குறைந்தால் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மேலே ஊற்றவும்." இது போல ஒவ்வொரு வரியும் கையால் செய்கிற வேலையாக இருக்கட்டும்.

எது கெட்டதன் அடையாளம், எது இயல்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பூண்டு எலுமிச்சையில் ஊறும்போது சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ நிறம் மாறும். பூண்டிலுள்ள கந்தகச் சத்து புளிப்போடு சேர்வதால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை. தெரியாதவர் பூசணம் என்று நினைத்து ஜாடியோடு படம் எடுத்து அனுப்புவார். விவரத்தில் முன்பே ஒரு வரி இருந்தால் அந்தக் கலக்கமே வராது. அதே போல, தேங்காய் எண்ணெயில் பொரித்த முறுக்கை ஊட்டிக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் குளிரில் எண்ணெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். அதையும் எழுதிவிடுங்கள். மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது காற்று பீறிட்டால், மேலே பஞ்சு மாதிரி படர்ந்தால், குமிழி வந்தால் ருசி பார்க்காமல் தூக்கிப்போடச் சொல்லுங்கள். மேலே உள்ள பூசணத்தை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது வேண்டாம் என்று தெளிவாகவே எழுதுங்கள்.

எழுதி முடித்த விவரம் எப்படி இருக்கும்?

பூண்டு ஊறுகாய்க்கு:

"பூண்டு ஊறுகாய், எலுமிச்சையும் நல்லெண்ணெயும் சேர்த்தது. நிகர எடை 250 கிராம். சைவம்.
சேர்மானம்: பூண்டு, நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய்த் தூள், புளி, வெல்லம், கடுகு, வெந்தயம், மஞ்சள் தூள், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்).
ஒவ்வாமை: கோதுமை, எள், கடுகு உள்ளது. வேர்க்கடலையும் பால் பொருள்களும் பயன்படுத்தும் சமையலறையில் செய்தது.
செய்த தேதி, பேட்ச் எண், இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்: ஜாடியின் அடியில்.
திறந்த பிறகு: குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள், ஆனால் ஜாடியில் உள்ள தேதியைத் தாண்டாமல் சாப்பிட்டுவிடவும். ஈரக் கரண்டி வேண்டாம். பூண்டு எண்ணெய்க்குள் மூழ்கியே இருக்கட்டும்.
பூண்டு லேசாகப் பச்சை, நீல நிறமாவது இயல்பு. மூடி உப்பினாலோ பூசணம் தெரிந்தாலோ சாப்பிட வேண்டாம், பேட்ச் எண்ணோடு எங்களுக்குச் சொல்லவும்."

தட்டைக்கு:

"வேர்க்கடலைத் தட்டை. நிகர எடை 200 கிராம். சைவம்.
சேர்மானம்: அரிசி மாவு, செக்குக் கடலை எண்ணெய், வேர்க்கடலை, உளுந்து மாவு, பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய், கடலைப்பருப்பு, உப்பு, எள், மிளகாய்த் தூள், கறிவேப்பிலை, கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்).
ஒவ்வாமை: வேர்க்கடலை, பால், கோதுமை, எள் உள்ளது. பொது மில்லில் அரைத்த மாவு.
பொரித்த நாளிலிருந்து 21 நாள். பிரித்த பிறகு இறுக்கமான டப்பாவில் போட்டு ஒரு வாரத்துக்குள் சாப்பிடவும்."

திறந்த பிறகு இரண்டு மாதம், ஒரு வாரம் என்பவை மாதிரிக்குப் போட்டவை. உங்கள் சோதனையில் வந்த எண்ணைத்தான் நீங்கள் போட வேண்டும்.

லேபிளில் இவற்றோடு உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், எல்லா வரியும் சேர்ந்த விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவையும் வர வேண்டும். வீட்டில் சிறிய அளவில் செய்து விற்பதற்கும் அந்தப் பதிவு கட்டாயம். foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் போட்டால் போதாது. ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ் என்று இரண்டும் அச்சடிப்பதே நல்லது. நம் ஒவ்வாமை வரியைப் படிக்க வேண்டியவர்களில் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் உண்டு.

"பூண்டு கொழுப்பைக் கரைக்கும்", "சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது" போன்ற வரிகளை எழுதாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்குச் சொல்ல அனுமதியில்லை. 7.5 சதவீதம் உப்புள்ள ஊறுகாயை ரத்தக் கொதிப்புக்காரர் மருந்தென்று நினைத்துச் சாப்பிட்டுவிடவும் கூடும்.

செய்முறை மாறும் நாளில்

விவரம் தப்பாகிப் போவது பெரும்பாலும் எழுதும் அன்றைக்கல்ல, பிறகு ஒரு நாள். வழக்கமான பெருங்காயம் கிடைக்காமல் வேறு கம்பெனி வாங்குகிறோம். வெண்ணெய் விலை ஏறியதால் வனஸ்பதிக்கு மாறுகிறோம். எண்ணெய் மாறுகிறது. பழைய லேபிள் கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. புதுப் பொருள் வீட்டுக்குள் வந்ததும் அதன் பின்பக்கத்தைப் படித்து, ஒவ்வாமை வரி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பழைய லேபிளை அந்த பேட்ச்சில் ஒட்டாதீர்கள். வழக்கமாக வாங்குபவர்களுக்குத் தனியாகச் செய்தியும் அனுப்புங்கள். பழகிய பண்டத்தின் லேபிளை யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை.

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பாக்கெட்டை, அதன் கடைசித் தேதி தாண்டும்வரை விற்காமல் வைத்திருங்கள். "தட்டை காறுது" என்று ஒருவர் சொன்னால் அதே எண்ணுள்ள பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பதும் காறியிருந்தால் அந்த எண்ணில் வாங்கிய எல்லோருக்கும் நோட்டைப் பார்த்து அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இருப்பது நன்றாக இருந்தால், அவர் எங்கே வைத்திருந்தார், எப்போது பிரித்தார் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இருந்து வைக்கும் முறைக்கு இன்னும் ஒரு வரி கிடைக்கும்.